கணுக்காலில் இருக்கிறது சூட்சுமம்

தமிழ்நாட்டில் 'சுடிதார்' என்றால் மேல்சட்டை, கால்சட்டை, துப்பட்டா மூன்றும் சேர்ந்த ஒரு செட். வடக்கே போய்ச் சுடிதார் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் காலில் போடுவதை மட்டும் எடுத்து நீட்டுவார். அங்கே 'சூடி' என்றால் வளையல். கணுக்காலுக்கு மேலே துணி மடிந்து, வளையல்களை அடுக்கியது போல் சுருங்கி நிற்பதால் வந்த பெயர் அது. நேரு அச்கனுக்குக் கீழே அணிந்தது இதைத்தான். கதக் ஆடுகிறவர்கள் சலங்கைக்கு உள்ளே அணிவதும் இதுதான்.

வெளிப் பார்வைக்கு எளிமையான உடுப்பு. இரண்டு கால், நடுவில் ஒரு தையல், இடுப்பில் நாடா. ஆனால் தையல்காரர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். சல்வாரை யாரும் தைத்துவிடலாம். சுடிதாரில்தான் கை தெரிந்துவிடும். கெண்டைக்காலோடு ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார முடிய வேண்டும். கணுக்காலில் இறுக்கமாக நிற்க வேண்டும், ஆனால் அதைவிடப் பெரிதான குதிகால் அதே வழியாக நுழைய வேண்டும். இதெல்லாம் இழுபடாத சாதாரணப் பருத்தித் துணியில் நடக்க வேண்டும்.

தில்லி கரோல் பாக்கில் ஒரு சந்துக் கடை. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி, மகளின் கதக் உடையோடு வந்து நிற்கிறார். 2 வருஷத்துக்கு முன் தைத்தது. மகளுக்கு இப்போது 14 வயது, மளமளவென்று வளர்ந்துவிட்டாள். மேலங்கியைப் பிரித்து விட்டாயிற்று, பாவாடையில் கரை சேர்த்தாயிற்று. சுடிதார்தான் வழிக்கு வரவில்லை. கணுக்காலில் ஒரு மடிப்புகூட விழவில்லை. இடது காலின் உள்தையல் முறுக்கிக்கொண்டு பாதத்தின் மேல் வந்து நிற்கிறது. அந்த நிறம் இப்போது கடையில் இல்லை. வீட்டில் மிச்சத் துணி கொஞ்சம் இருக்கிறது. நிகழ்ச்சிக்கு 5 நாள்.

"கீழே ஒரு பட்டி வைத்து நீட்டித் தந்துவிடுங்கள், மாஸ்டர்ஜி" என்கிறார் தாய்.

"பட்டி வைத்தால் மேடையில் அதுதான் தெரியும் பேட்டி. சலங்கை கட்டினால் அதுவே குழந்தைக்கு உறுத்தும்" என்கிறார் 60 வயது மாஸ்டர். சுடிதாரை உள்வெளியாகத் திருப்பி மேசையில் பரப்புகிறார்.

அவர் எதைத் தேடுகிறார் என்பது புரிய, துணி எப்படி வெட்டப்பட்டது என்று தெரிய வேண்டும். நெய்த துணியில் நீளவாக்கில் போவது பாவு, குறுக்கே போவது ஊடை. இந்த இரண்டு திசையிலும் இழுத்தால் துணி அசையாது. மூலைவாட்டில், அதாவது 45 டிகிரி சாய்வில் இழுத்தால் நீளும். நீளும்போதே அகலத்தில் குறுகும். கைக்குட்டையின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் தெரியும். நம் ஊர்த் தையல்காரர்கள் 'கிராஸ்' என்பதை வடக்கே 'உரேப்' என்கிறார்கள். சுடிதாரின் கால் நீளம் இந்தச் சாய்வில் அமைய வேண்டும். அப்போதுதான் முழங்கால் மடங்கும்போது துணி கொடுக்கும், குதிகால் நுழையும்போது விரியும், பிறகு மீண்டும் ஒட்டும்.

ஆனால் 90 செ.மீ. அகலத் துணியில் ஒரு முழுக்காலைச் சாய்வாக வெட்டினால் மூலைகள் எல்லாம் வீணாகும். அதற்குப் பழைய தையல்காரர்கள் கண்ட வழி, வெட்டுவதற்கு முன்பே துணியைப் பையாகத் தைப்பது. இரண்டரை மீட்டர் துணியை விரிக்கிறார்கள். ஒரு முனையின் அகல ஓரத்தை, காகிதத்தை முக்கோணமாக மடிப்பது போல, பக்கத்துக் கரை மீது கொண்டுவந்து தைக்கிறார்கள். அந்த 90 செ.மீ. முடிந்ததும் ஊசியை நிறுத்தாமல் ஒரு கரையை எதிர்க்கரையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே போகிறார்கள். துணி திருகாணி போலச் சுற்றிக்கொண்டு வருகிறது. கடைசி அகல ஓரமும் அதே மாதிரி மூடிக்கொள்கிறது. கிடைப்பது இரு பக்கமும் மூடிய ஒரு நீளப் பை. தட்டையாக வைத்தால் சுமார் 64 செ.மீ. அகலம், 177 செ.மீ. நீளம். அதன் இரண்டு பக்க மடிப்புகளும் சரியான 45 டிகிரியில் இருக்கும். ஒரு மடிப்பில் ஒரு காலைத் தலைமேலாகவும், மறு மடிப்பில் இன்னொரு காலைத் தலைகீழாகவும் வைத்தால், தொடை அகலமும் கணுக்கால் குறுகலும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்துப் பொருந்திவிடும். வெளிப்பக்கத்தில் தையலே இல்லை, மடிப்புதான். தையல் உள்பக்கத்தில் மட்டும்.

இப்படி வெட்டிய சுடிதாரில் பை தைத்த கோடு காலில் எங்காவது சாய்வாக ஓடும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதை ஒட்டு என்று நினைத்துச் சண்டைக்குப் போவார்கள். உண்மையில் அது நல்ல அறிகுறி. அந்தக் கோடு நூலோட்டத்தோடு போவதால், அது சரியாக 45 டிகிரியில் சாய்ந்திருந்தால் துணியும் சரியாகக் கிராஸில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாஸ்டர் தேடியது அந்தக் கோட்டைத்தான். இரண்டு காலிலும் இருந்தது. டேப்பை வைத்து, வெளி மடிப்பிலிருந்து கோட்டின் சாய்வைப் பார்த்தார். 10 செ.மீ. பக்கவாட்டில் போனால் 10 செ.மீ. மேலே ஏற வேண்டும். ஏறியது. வெட்டு சரி. ஆக, இடது கால் முறுக்கிக்கொண்டதற்குக் காரணம் தையல்.

தையல் முறுக்குவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, மடிப்பு 45 டிகிரியை விட்டு விலகியிருப்பது. அப்படி இருந்தால் காலின் ஒரு பக்கம் அதிகமாகத் தொங்கும், மறுபக்கம் தொங்காது. துவைக்கத் துவைக்கக் கால் திருகும். இதற்கு மருந்து கிடையாது. பிரித்துத் தைத்தாலும் மறுபடி திருகும். இரண்டாவது, வெட்டு சரியாக இருந்தும், தைக்கும்போது மிஷின் பல் கீழ்த்துணியை இழுக்க, மேல்துணி பின்தங்குவது. கிராஸ் துணி ரப்பர் மாதிரி கொடுப்பதால், ஒரு மீட்டர் தையலில் இரண்டு ஓரத்துக்கும் 2 செ.மீ. வித்தியாசம் வந்தாலும் தைக்கிறவருக்குத் தெரியாது. கணுக்காலில் வந்து சேரும்போது தெரியும். இதைப் பிரித்துச் சரிசெய்யலாம்.

எது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சுடிதாரைப் போட்டுக்கொண்டு நின்றால் உள்தையல் கணுக்காலின் உள்பக்க எலும்பு முட்டின் மேல் விழ வேண்டும். பாதத்தின் மேலோ, குதிகாலின் பின்னாலோ போனால் முறுக்கியிருக்கிறது. பிறகு கழற்றி, முழங்காலுக்குக் கீழே உள்ள தையலைப் பிரித்து மேசையில் விட்டால், ஓரங்கள் இரண்டும் ஒரே நீளத்தில் அமைதியாகப் படுத்தால் தையல் குற்றம். பிரித்த பின்னும் கால் ஒரு பக்கமாகவே சாய்ந்து படுத்தால் வெட்டுக் குற்றம்.

அடுத்தது நீளம். காலின் அளவோடு 15 செ.மீ. கூடுதலாக இருந்தால்தான் மடிப்புகள் அடுக்காக விழும். அளந்ததில் 12 செ.மீ. குறைகிறது. தாய் கேட்டது போல் கீழே நேராக வெட்டி ஒரு வளையத் துண்டை வைத்தால் மூன்று கஷ்டங்கள். காலைச் சுற்றி வட்டமாக ஓடும் தையல், துணி கொடுக்கும் அளவுக்குக் கொடுக்காது. குதிகால் நுழையும்போது நூல் அறும். அந்த வட்டம் மடிப்புகளுக்கு நடுவே முண்டாக நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டத் தையலும் உள்தையலும் சந்திக்கும் இடத்தில் தையல் விளிம்புகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கட்டியாகும். கதக்கில் சலங்கைகளைத் தோல் பட்டையில் தைத்துக் கட்டுவதில்லை. தடித்த நூல் கயிற்றில் கோத்து, கணுக்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறார்கள். ஒரு காலில் 100 மணிகளுக்கு மேல் இருக்கும். அந்தக் கனத்தோடு தரையை ஓங்கி மிதிக்கும்போது, கயிற்றுக்குக் கீழே ஒரு கட்டி இருந்தால் முட்டு எலும்பின் மேல் தோல் கன்றிப்போகும்.

மாஸ்டர் செய்தது வேறு. முதலில் மிச்சத் துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவைக்கச் சொன்னார். சுடிதார் பல தடவை துவைத்துச் சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கிவிட்டது. மிச்சத் துணி இன்னும் தண்ணீர் பார்க்கவில்லை. அப்படியே ஒட்டினால் முதல் துவைப்பில் ஒட்டு மட்டும் சுருங்கி, சுற்றிலும் துணி கொசகொசவென்று நிற்கும். நிறமும் கொஞ்சம் இறங்கி, பழையதோடு சேர்ந்து வரும். முழுக்கச் சேராது என்பதையும் தாயிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

மறுநாள் உள்தையலைக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பிரித்துக் காலைத் தட்டையாக விரித்தார். கீழ்ப்பகுதி விரித்த அகலம் சுமார் 30 செ.மீ. முன்பக்க ஓரத்தில், அடியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் ஒரு புள்ளி வைத்தார். அங்கிருந்து ஒரே ஒரு நூலைப் பின்தொடர்ந்து சாய்வாகக் கோடு போட்டார். பின்பக்க ஓரத்தை அடையும்போது கோடு 40 செ.மீ. உயரத்துக்கு ஏறியிருந்தது. அந்தக் கோட்டில் காலை இரண்டாக வெட்டினார்.

நூலோட்டத்தில் வெட்டிய விளிம்பு இழுபடாது. தைப்பது சுலபம், நெளியாது. ஆனால் தையல் காலைச் சுற்றித் திருகாணியாக ஏறுவதால், கால் விரியும்போது அதுவும் துணியோடு சேர்ந்து சாய்வு மாறிக்கொண்டு இடம் கொடுக்கும். எந்த இடத்திலும் வளையமாக இறுக்காது. முன்னிருந்து பார்த்தால் கோடு தாழ்வாக, மடிப்புகளுக்குள் மறைந்துவிடும். பின்னால் கெண்டைக்காலில் தெரியும் பகுதி, பை தைத்த கோட்டைப் போலவே சாய்வாக இருப்பதால் ஒட்டு என்று சந்தேகம் வராது.

இடையில் வைக்கும் துண்டின் கணக்கு இது. காலின் நீளத்தில் 12 செ.மீ. சேர வேண்டும். துண்டு 45 டிகிரி சாய்வில் உட்காருவதால் அதன் அகலம் 12 இருக்கத் தேவையில்லை. 12ஐ 1.4ஆல் வகுத்தால் சுமார் எட்டரை. ஒவ்வொரு தையலும் பட்டையில் ஒரு செ.மீ.யும் காலில் ஒரு செ.மீ.யும் எடுத்துக்கொள்வதால், இரண்டு தையலுக்கும் 4 செ.மீ. சேர்த்துப் பன்னிரண்டரை. முனைகளைச் சாய்வாக வெட்ட வேண்டியிருப்பதால் நீளம் 55 செ.மீ. இருந்தால் சாய்வுக் கோட்டுக்குப் போதும். ஆக, ஒரு காலுக்கு நூலோட்டத்தில் வெட்டிய, பன்னிரண்டரைக்கு ஐம்பத்தைந்து என்ற ஒரு நேர்ப்பட்டை. வைத்த பிறகு அதன் நூல் காலின் நூலோடு ஒரே திசையில் ஓடுவதால், பட்டையும் கிராஸாகவே நடந்துகொள்ளும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு காலிலும் பாவு நூலையே பின்பற்றி வெட்டினால், ஒரு காலில் கோடு முன்னால் தாழ்ந்தும், மறுகாலில் முன்னால் உயர்ந்தும் போய்விடும். மேடையில் நிற்கும்போது ஒரு காலில் ஒட்டு தெரியும். கிராஸ் துணியில் பாவு ஒரு பக்கமும் ஊடை மறுபக்கமும் ஒரே அளவு சாய்ந்திருப்பதால், ஒரு காலில் பாவையும் மறுகாலில் ஊடையையும் பின்பற்றினால் கண்ணாடியில் பார்ப்பது போல இரண்டும் பொருந்தும். பட்டையையும் அதற்கேற்பப் பாவு நீளத்தில் ஒன்றும் ஊடை நீளத்தில் ஒன்றுமாக வெட்டிக்கொண்டார்.

தைத்த விளிம்புகளை ஒரு பக்கமாகச் சாய்க்காமல், இரு பக்கமும் விரித்து இஸ்திரி போட்டார். பெட்டியைத் தேய்க்கவில்லை, தூக்கித் தூக்கி வைத்து அழுத்தினார். தேய்த்தால் கிராஸ் துணி பெட்டியோடு நடந்துவிடும். பிறகு உள்தையல். கணுக்காலில் ஒரு குண்டூசி, முழங்காலில் ஒரு குண்டூசி, நடுவில் இரண்டு. ஓரங்கள் பொருந்திய பின்பே ஊசியை இறக்கினார். கணுக்காலில் ஆரம்பித்து மேலே போனார்; தையலைக் கொஞ்சம் சின்னதாக வைத்து, துணியை முன்னும் பின்னும் லேசாகப் பிடித்தபடி ஓட்டினார். சின்னத் தையலில் நூல் அதிகம் செலவாகும், அந்தக் கூடுதல் நூல்தான் கால் விரியும்போது அறாமல் காக்கும். ஒட்டின் ஒரு முனை கீழேயும் மறுமுனை மேலேயும் இருந்ததால், உள்தையலில் கட்டி எங்கும் சேரவில்லை.

அன்றே அடி மடித்துக் கொடுக்கவில்லை. இடுப்பைக் கொக்கியில் மாட்டி ஒரு இரவு தொங்கவிட்டார். கிராஸ் துணி தன் கனத்தில் தானே இறங்கும். காலையில் பார்த்தால் அடி ஒரு பக்கம் ஒரு செ.மீ. அளவுக்குத் தொங்கியிருந்தது. அதைச் சமமாகக் கத்திரித்துவிட்டுத்தான் மோரிக்கு வந்தார். கணுக்கால் வாயை அவர்கள் மோரி என்கிறார்கள்.

அவசரத்தில் தைக்கிறவர்கள் தப்பு செய்வது பெரும்பாலும் இங்கேதான். பெண்ணின் கணுக்கால் சுற்றளவு 21 செ.மீ. விரலை நீட்டி, குதிகாலையும் பாதத்தின் மேட்டையும் சுற்றி அளந்தால் 29. மோரியை 29 வைத்தால் கால் நுழையும், ஆனால் தொளதொளவென்று நின்று மடிப்பெல்லாம் கீழே சரியும். 23 வைத்தால் மடிப்பு நிற்கும், கால் நுழையாது. அதனால் மோரி 23. உள்தையலின் கடைசி 8 செ.மீ. தைக்காமல் விட்டுத் திறப்பு. திறப்பு முடியும் இடத்தில் கால் சுற்றளவு 27. அங்கே மீதி 2 செ.மீ.யைக் கிராஸ் கொடுத்துவிடும். திறப்பின் மேல் முனையில் தையலை முன்னும் பின்னும் இரண்டு தடவை ஓட்டிக் கட்டினார். ஒவ்வொரு முறையும் குதிகால் இடிப்பது அங்கேதான். மோரியின் உள்ளே கான்வாஸுக்குப் பதில் மெல்லிய துணிப்பட்டி. மூடுவதற்கு இரும்புக் கொக்கி வேண்டாம், சலங்கை அழுத்தினால் குத்தும் என்று தட்டையான பிரஸ் பட்டன் இரண்டு.

சனிக்கிழமை பெண் சுடிதாரைப் போட்டுப் பார்த்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், தரையை மிதித்தாள். தையல் முட்டின் மேல் நின்றது. இடது காலின் பின்னால் பட்டை ஒரு சாயல் அடர்த்தியாகத் தெரிந்தது. முன்னாலிருந்து தெரியவில்லை. கூலி, புதிது தைக்கும் கூலியில் பாதிக்கு மேல் வந்தது. தாய்க்கு ஆட்சேபம் இல்லை.

லெகிங்ஸ் வந்தபின் இந்த வேலை பெருமளவு குறைந்துவிட்டது. திருப்பூரில் பின்னும் பருத்தி–லைக்ரா துணி எல்லாத் திசையிலும் இழுபடும். கிராஸும் வேண்டாம், மோரியில் திறப்பும் வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகு லெகிங்ஸிலும் உள்தையல் திருகிக்கொண்டு முன்னால் வருவது உண்டு. அறிகுறி ஒன்று, காரணம் வேறு. நூலில் முறுக்கு மிச்சமிருந்தால், பின்னிய துணியின் கண்ணிகள் தண்ணீர் பட்டதும் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. தையல் அதோடு போகிறது. இதைப் பிரித்துத் தைத்துச் சரிசெய்ய முடியாது. வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். லெகிங்ஸின் பின்னலில் நீளவாக்கில் மெல்லிய வரிகள் தெரியும். அந்த வரி உள்தையலுக்கு இணையாக இறங்காமல், கணுக்காலுக்கு வருவதற்குள் தையலைக் கடந்து போனால், அது துவைப்புக்கு முன்பே திருக ஆரம்பித்துவிட்ட துணி.

தைத்து வாங்குகிறவர்கள் கடையை விட்டு வருவதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று. சாய்வுக் கோடு 45 டிகிரியில் இருக்கிறதா? உள்தையல் முட்டு எலும்பில் விழுகிறதா? குதிகால் நுழையும்போது திறப்பின் மேல் முனையில் நூல் 'டக்'கென்று சத்தம் போடுகிறதா? முதலாவது தவறியிருந்தால் துணியைப் போனதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மற்ற இரண்டையும் அங்கேயே பிரித்துத் தைக்கச் சொல்லலாம்.